ஜி.எல். கையில் இருக்க, 6,000 வெள்ளி டெபாசிட் எதற்கு?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. பித்தப்பையில் கல். வரும் வியாழக்கிழமை ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். 2009-இல் எடுத்த மெடிக்கல் கார்டு, ரூமுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி. இன்சூரன்ஸ் கம்பெனி 10,000 வெள்ளிக்கு கேரண்டி லெட்டர், அதாவது ஜி.எல்., கொடுத்துவிட்டது. ஆனால் அட்மிஷன் கவுண்டரில் 6,000 வெள்ளி டெபாசிட் கட்டினால்தான் ரூம் என்கிறார்கள். அம்மா சிரமப்படக் கூடாது என்று சிங்கிள் ரூம் சொல்லியிருக்கிறோம், அது 280 வெள்ளி. ஜி.எல். வந்த பிறகும் டெபாசிட் கேட்பது சரியா? மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். வேறு வழி உண்டா?"

சங்கிலியை இன்றைக்கு அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், தம்பி. வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது. ஒரு போன் பேசுவதற்கும் பாலிசிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தேடிப் படிப்பதற்கும் அது போதும். நான் பேராக்கில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் அட்மிஷன், பில்லிங் பகுதிகளில் 16 ஆண்டுகள் வேலை செய்தேன். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஜி.எல். எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள். கவுண்டரின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பாலிசியை நான் பார்க்கவில்லை, அதனால் கீழே வரும் கணக்கில் ஒரு பகுதி நீங்கள் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் உறுதியாகும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 280 வெள்ளி சிங்கிள் ரூமில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

முதலில் கையில் இருக்கும் கடிதத்தைப் பாருங்கள். ஜி.எல். என்பது பணம் இல்லை. "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்தத் தொகை வரை நாங்கள் பொறுப்பு" என்று இன்சூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. நீங்கள் வாங்கியிருப்பது முதல் கடிதம். அட்மிஷனுக்கு முன்பு, டாக்டர் நிரப்பிக் கொடுத்த பாரத்தை வைத்துக் கொடுப்பது. அதில் உள்ள 10,000 வெள்ளி உங்கள் அம்மாவின் சிகிச்சைக்கான முழுத் தொகை இல்லை. கதவைத் திறப்பதற்கான முதல் தொகை. டிஸ்சார்ஜ் அன்று மருத்துவமனை முழு பில்லையும் டாக்டரின் அறிக்கையையும் அனுப்பும். அதைப் பார்த்து இரண்டாவது கடிதம், அதாவது இறுதி ஜி.எல்., வரும். எவ்வளவு கம்பெனி கட்டும், எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்று முடிவாகச் சொல்வது அந்த இரண்டாவது கடிதம்தான். முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு "எல்லாம் முடிந்தது" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பவர்களை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் இருப்பவர்களும் அதை விளக்கிச் சொல்வதில்லை. வரிசை நீளமாக இருக்கும், விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாக வந்து போய்விடும்.

மருத்துவமனைக்கு என்ன பயம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, கம்பெனி கட்டாத பாக்கியை வசூலிப்பது பெரிய தலைவலி. அதனால் பாக்கி விழக்கூடும் என்று தோன்றினால் முன்கூட்டியே வாங்கி வைக்கப் பார்ப்பார்கள். இதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் "பாக்கி விழக்கூடும்" என்பதற்குள் இரண்டு விதமான பணம் கலந்திருக்கிறது, கவுண்டரில் அதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, பாலிசி கட்ட வேண்டிய பணம்தான், ஆனால் முதல் கடிதத்தின் 10,000 வெள்ளிக்கு மேலே போவதால் இன்னும் எழுத்தில் வராதது. இன்னொன்று, பாலிசி எந்தக் காலத்திலும் கட்டாத பணம். முதலாவதை உங்கள் பையிலிருந்து எடுக்கச் சொல்வது நியாயம் இல்லை. மருத்துவமனையே கம்பெனிக்கு எழுதித் தொகையைக் கூட்டிக் கேட்கலாம், அது அவர்களுக்கு அன்றாட வேலை. மூன்று நாள் தங்கும் ஆபரேஷனில் பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது, நேராக இறுதி ஜி.எல்.-இல் சரியாகிவிடும். இரண்டாவது வகைப் பணம் உங்களுடையதுதான், அதற்கு டெபாசிட் கேட்டால் மறுக்க முடியாது. 6,000 வெள்ளியில் எது எவ்வளவு என்று பிரிக்க வைப்பதுதான் உங்கள் வேலை.

இப்போது ரூமுக்கு வருகிறேன். 2009 வாக்கில் விற்ற பல மெடிக்கல் கார்டுகளில் ஒரு நிபந்தனை இருந்தது. கார்டில் உள்ள ரூம் தொகையைவிட விலை கூடிய ரூமில் தங்கினால், ரூம் வித்தியாசத்தை மட்டும் இல்லை, மற்ற எல்லாச் செலவிலும் 20 விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், மருந்து, மயக்க மருந்து டாக்டர் என்று எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு. புத்தகத்தில் 'அப்கிரேடட் ரூம் அண்ட் போர்ட் கோ-பேமெண்ட்' என்ற மாதிரி ஒரு தலைப்பில், சின்ன எழுத்தில் இருக்கும். எல்லாக் கார்டிலும் இது இல்லை. சில கார்டில் ரூம் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். கம்பெனி இடையில் பாலிசியை மாற்றியிருந்தால் இந்த நிபந்தனை நீங்கியும் இருக்கலாம். ஆனால் உங்கள் கார்டின் வயதைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் என் அனுமானம், உங்கள் மருத்துவமனையின் மதிப்பீட்டை வாங்கி அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று இரவு தங்கல் என்று வைத்துக்கொள்வோம். சிங்கிள் ரூம் 280 வெள்ளி வீதம் 840 வெள்ளி. மற்ற செலவெல்லாம் சேர்த்து 21,000 வெள்ளி. மொத்தம் 21,840. இதில் உங்கள் பங்கு என்ன? ரூம் வித்தியாசம் ஒரு நாளைக்கு 130 வெள்ளி, மூன்று நாளைக்கு 390. அந்த 20 விழுக்காடு நிபந்தனை இருந்தால் 21,000-இல் 4,200 வெள்ளி. பதிவுக் கட்டணம், துணைக்கு இருப்பவரின் படுக்கை, பற்பசை சோப்பு வைத்த பை போன்று பெரும்பாலும் பாலிசி கட்டாத சில்லறைகள் ஒரு 210 வெள்ளி. கூட்டினால் 4,800. மருத்துவமனை பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்து 6,000 என்று சொல்லியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொன்ன தொகை மாதிரி தெரிந்தாலும், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது சாத்தியம்.

அதே ஆபரேஷனை, அதே டாக்டரை, அதே மூன்று நாளை வைத்துக்கொண்டு, ரூமை மட்டும் 140 வெள்ளி நாலு படுக்கை அறையாக மாற்றுங்கள். ரூம் முழுவதையும் கார்டு கட்டும். 20 விழுக்காடு நிபந்தனை எழுந்திருக்கவே செய்யாது. உங்கள் பங்கு அந்த 210 வெள்ளிச் சில்லறை மட்டும். 6,000 எங்கே, 210 எங்கே! அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து எடுத்த ஒரு முடிவு, அவருக்கே தெரியாமல் குடும்பத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளிச் செலவு வைக்கிறது. பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாய்க்குத் தனி அறை வேண்டும் என்று நினைத்த உங்கள் மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடமே விலையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த எத்தனையோ அம்மாக்கள் பக்கத்துப் படுக்கையில் பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பதையே விரும்பினார்கள்.

சரி, குறைந்த விலை ரூம் காலி இல்லை என்று கவுண்டரில் சொன்னால்? அது நடப்பதுதான், அதுவும் திங்கள், செவ்வாயில் அடிக்கடி. முதலில், காலியாகும் வரிசையில் பெயரைப் போடச் சொல்லுங்கள், காலியானதும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவதாக, "கார்டுக்குத் தகுந்த அறை இல்லாததால் இந்த அறை கொடுக்கப்பட்டது" என்று எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனி 20 விழுக்காட்டை விட்டுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுக்காததையும் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் மனம் வைத்துச் செய்வது, உரிமை என்று சொல்ல மாட்டேன். அதனால் அட்மிஷனுக்கு முன்பே கம்பெனியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் மூன்றாவது வழியும் உண்டு, ரூம் கிடைக்கும் நாளுக்குத் தேதியை மாற்றுவது. அதை டாக்டரிடம் மட்டும் கேளுங்கள், கவுண்டரில் வேண்டாம்.

போன் யாருக்கு? ஏஜெண்டுக்கு இல்லை. நல்ல ஏஜெண்டாக இருந்தாலும் அவர் வாயால் சொல்வது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். அம்மாவின் ஐ.சி. எண்ணும் ஜி.எல். எண்ணும் கையில் இருக்கட்டும், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், அவர் சம்மதம் சொன்னால்தான் உங்களிடம் பேசுவார்கள். மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் பாலிசியில் கூடுதல் விலை ரூமுக்கு 20 விழுக்காடு நிபந்தனை இருக்கிறதா? வேறு ஏதாவது நோயாளியின் பங்கு இருக்கிறதா? இந்த மருத்துவமனையோடு உங்களுக்கு இருக்கும் ஒப்பந்தத்தில், ஜி.எல். கொடுத்த பிறகு பாலிசி கட்டும் செலவுக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பலர் நேராகப் பதில் சொல்லத் தயங்குவார்கள். அப்போது, "மருத்துவமனை 6,000 வெள்ளி கேட்கிறது, நீங்களே அவர்களிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். நான் அந்த வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையாவது மருத்துவமனையின் பிஸினஸ் ஆபிசுக்குப் போன் போட்டு இதையே பேசியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் டெபாசிட் ஐயாயிரத்திலிருந்து ஐந்நூறுக்கு இறங்கியதும் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள் கேட்பதற்கும் நாம் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பேசியவர் பெயர், நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன நோயாளியின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். 2024 செப்டம்பர் 1 முதல், நோயாளியும் ஒரு பங்கு கட்டும் பாலிசியைக் கம்பெனிகள் கட்டாயம் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா சொன்னது. பங்கு குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி. பிரிமியம் குறைவு என்று சொல்லிப் புதுக் கார்டு வாங்கியவர்கள் அல்லது பழைய கார்டை மாற்றிக்கொண்டவர்கள், இந்தப் பங்கு தங்களுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு என்றால் அந்த அளவுக்கு டெபாசிட் கேட்பது நியாயமே.

அடுத்து கவுண்டர். சத்தம் போட வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தொகையைக் குறைக்க அதிகாரம் இல்லை, எனக்கும் முதல் ஆறு ஆண்டுகள் இருந்ததில்லை. "இந்த 6,000 எதற்கு எதற்கு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிமுறைகளின்படி, சிகிச்சைக்கு முன்பு நோயாளி கேட்டால் மதிப்பிட்ட கட்டணத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பிஸினஸ் ஆபிஸ் சூப்பர்வைசரிடம் அனுப்புவார்கள். குறைக்க அதிகாரம் உள்ளவர் அவர்தான். அவரிடம், "ரூமை மாற்றிவிட்டோம், பாலிசி கட்டாத செலவுக்கு 500 வெள்ளி இப்போது கட்டுகிறோம், ஜி.எல்.-க்கு மேலே போவதைக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். மொட்டையாக 'கட்ட மாட்டேன்' என்று சொல்பவரைவிட, ஒரு தொகையைச் சொல்லிக் கட்டத் தயாராக இருப்பவரிடம் அவர்கள் இறங்கி வருவார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை டாக்டர்களின் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறது. ரூம், மருந்து, கருவிகளுக்கு மருத்துவமனை போடும் விலைக்கு அதில் வரம்பு கிடையாது, டெபாசிட்டுக்கும் கிடையாது. ஆகவே "இது சட்டவிரோதம்" என்று கவுண்டரில் வாதாடினால் நிற்காது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை வேறு. 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, உயிர் காக்கும் அவசர சிகிச்சையை எந்த நேரமும் கொடுக்கும் நிலையில் தனியார் மருத்துவமனைகள் இருக்க வேண்டும் என்கிறது. டெபாசிட் கட்டினால்தான் மூச்சுக் குழாய் போடுவோம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பலாம். உங்கள் அம்மாவின் ஆபரேஷன் நாள் குறித்துச் செய்வது, இந்தப் பிரிவு இப்போது உதவாது. ஒருவேளை வியாழனுக்கு முன்பே காய்ச்சல், கண்ணில் மஞ்சள், விடாத வயிற்று வலி வந்தால், டெபாசிட், ரூம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். சுங்கை சிப்புட் அரசாங்க மருத்துவமனை வாசலிலேயே இருக்கிறது.

கட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், எப்படிக் கட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். கிரெடிட் கார்டு இருந்தால், பணத்தை எடுக்காமல் அந்தத் தொகையைத் தடுத்து மட்டும் வைக்க முடியுமா என்று கேளுங்கள், பல மருத்துவமனைகள் செய்யும். டெபிட் கார்டில் அப்படிச் செய்தால் கணக்கில் உள்ள நிஜப் பணம் முடங்கிவிடும், அந்த மாதச் சாப்பாட்டுச் செலவு அதில் இருந்தால் சிக்கல். ரொக்கம் என்றால் ரசீதில் 'டெபாசிட்' என்ற சொல் இருக்க வேண்டும், பணம் கட்டியவர் பெயர் இருக்க வேண்டும், திரும்ப வரும் வங்கிக் கணக்கு எண்ணை அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். அடகு கடைசி வழியாகவே இருக்கட்டும். லைசென்ஸ் உள்ள அடகுக் கடை மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 6,000 வெள்ளிக்கு மாதம் 120 வெள்ளி. மருத்துவமனை டெபாசிட்டைத் திருப்பித் தரும்போது அதற்கு வட்டி சேர்த்துத் தராது.

அட்மிஷன் அன்று கையெழுத்துப் போடும் தாள்களில் ஒன்று 'சூராட் அக்கு ஜான்ஜி'. இன்சூரன்ஸ் கட்டாத எல்லாவற்றையும் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் பாரம். கையெழுத்துப் போடாமல் அட்மிஷன் கிடைக்காது, போடுங்கள். ஆனால் வலியில் படுத்திருக்கும் அம்மாவிடம் நீட்டவிடாமல் நீங்கள் வாங்கிப் படியுங்கள். ரூம் வகை என்ற இடத்தில் என்ன டிக் செய்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'சிங்கிள்' என்று பின்னால் நிரப்பப்பட்டு, குடும்பம் 20 விழுக்காடு கட்டிய ஒரு கேஸ் என் மேசைக்கே வந்தது. கையெழுத்து இருந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிஸ்சார்ஜ் நாளில் அவசரப்படாதீர்கள். டாக்டர் காலையில் போகலாம் என்று சொன்னாலும், பில் தயாராகி, கம்பெனிக்குப் போய், இறுதி ஜி.எல். வர மூன்று நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். அந்தக் காத்திருப்பில் சலித்துப் போய், "டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள், நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பணம் தொலைவது அங்கேதான். என் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தபோது, நான் வேலை செய்யாத வேறொரு மருத்துவமனையில், தம்பி 3,000 வெள்ளி டெபாசிட் கட்டினான். ஏழு வாரம் கழித்து 2,360 வெள்ளி வந்தது. 640 வெள்ளி 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் கழிக்கப்பட்டிருந்தது. இறுதி ஜி.எல்.-இன் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். நோயாளி கட்ட வேண்டியது என்று அதில் இருந்தது 185 வெள்ளி. மீதி 455 வெள்ளியைக் கம்பெனி ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டு கடிதம் எழுதித் திரும்ப வாங்கினோம். இந்த வேலையிலேயே ஊறிய எனக்கே நகலைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. நீங்கள் மறக்காமல் இரண்டு தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள், வரிவரியாகப் பிரித்த பில் ஒன்று, இறுதி ஜி.எல். நகல் ஒன்று. ஜி.எல்.-இல் நோயாளியின் பங்கு என்று எழுதியிருக்கும் தொகையைத் தவிர ஒரு காசும் டெபாசிட்டில் கழிக்கக் கூடாது.

தகராறு முற்றினால், யார் மேல் புகார் என்று பிரித்துக்கொண்டு போங்கள். கலந்து எழுதினால் இரண்டு இடத்திலும் தள்ளிவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டியதைக் கட்ட மறுத்தால், முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதிப் பதில் திருப்தி இல்லை என்றால், அல்லது 60 நாளாகியும் பதில் இல்லை என்றால், நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி 1-க்கு முன்பு இருந்த நிதிச் சேவை ஒம்பட்ஸ்மன்தான் இப்போது இந்தப் பெயரில் இயங்குகிறது, முகவரி fmos.org.my. கட்டணம் இல்லை, 250,000 வெள்ளி வரையுள்ள வழக்கைப் பார்ப்பார்கள், இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் வழி சொல்வார்கள். மருத்துவமனை டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை, பில்லைப் பிரித்துக் காட்டவில்லை என்றால் இந்த இடங்கள் எதுவும் உதவாது. முதலில் மருத்துவமனையின் நோயாளி புகார்ப் பிரிவு, அப்படி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே நடக்கவில்லை என்றால், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் மாநிலச் சுகாதார இலாகா பிரிவு. உங்களுக்கு அது ஈப்போவில் உள்ள பேராக் மாநில இலாகா. மருத்துவமனைக்காரர்கள் இன்சூரன்ஸ் புகாரைவிட இந்தக் கடிதத்துக்குத்தான் சீக்கிரம் பதில் போடுவார்கள் என்பது நான் உள்ளே இருந்து பார்த்தது.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. இதே ஆபரேஷனை ஈப்போ பைனுன் அரசாங்க மருத்துவமனையிலும் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், வலி அடிக்கடி வந்தால் அது சரிப்படாமலும் போகலாம். ஆனால் மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்ற கணக்கில் இருக்கும் இடம் அது. பல மெடிக்கல் கார்டுகள் அரசாங்க மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகையை நோயாளிக்கே கொடுக்கும், புத்தகத்தில் அதையும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கார்டின் பின்பக்க எண்ணைக் கூப்பிடுங்கள், தம்பி. அந்த 20 விழுக்காடு நிபந்தனை உங்கள் பாலிசியில் இல்லை என்று சொன்னால் என் கணக்கு மாறும். அப்போது 6,000 வெள்ளியில் பெரும்பகுதி ஜி.எல்.-க்கு மேலே போகும் தொகைக்காகக் கேட்டதாக இருக்கும், கம்பெனியே மருத்துவமனையிடம் பேசித் தீர்க்க வேண்டியது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், மதிப்பீட்டுத் தாளில் உள்ள தொகைகளையும் போடுங்கள். பெயர், ஐ.சி. எண், ஜி.எல். எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். புதன்கிழமைக்குள் சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.